பிரிவு 70 என்னும் பெருந்தன்மை

நம் நாட்டில் அடக்கத்துக்கு ஒரு விருது ஏற்படுத்தினால், முதல் ஆண்டே அதை ஜி.எஸ்.டி. துறைக்குக் கொடுத்துவிடலாம். ஒரு வியாபாரி யாரிடம் வாங்கினார், யாருக்கு விற்றார், எந்த லாரியில் என்றைக்குச் சரக்கு ஏறியது, எவ்வளவு வரி கட்டினார் என்பதெல்லாம் அந்தத் துறையின் கணினியில் தேதிவாரியாக இருக்கின்றன. விற்றவர் பில்லை ஏற்றினால் வாங்கியவர் பக்கத்தில் அது தானே வந்து விழும்படி வலைத்தளத்தை அமைத்ததும் அதே துறை. இவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டு, “எங்களுக்கு என்ன தெரியும்? நீங்களே நேரில் வந்து உங்கள் வாயால் சொல்லுங்கள், வரும்போது அந்தத் தாள்களையும் கொண்டுவாருங்கள்” என்று கேட்கும் பணிவு லேசில் வருமா? அந்தப் பணிவுக்கு 2017-ஆம் ஆண்டு மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தில் ஒரு பிரிவையே ஒதுக்கியிருக்கிறார்கள்: பிரிவு 70. கடைத்தெருவில் அதற்குச் சம்மன் என்று பெயர்.

தென்மாவட்டத்தில் கம்பியும் சிமெண்டும் விற்கும் அண்ணாச்சி ஒருவருக்கு 2025 ஜூலையில் இந்தப் பாக்கியம் வாய்த்தது. அவர் செய்த காரியம் இது. 2022 டிசம்பரில் ஒரு மொத்த வியாபாரியிடம் முறுக்குக் கம்பி இரண்டு லோடு வாங்கினார். லோடுக்குப் பத்து டன், டன் 50,000 ரூபாய். ஆக சரக்கு 10 லட்சம், அதற்கு 18 சதவீத வரி 1,80,000. மொத்தம் 11,80,000 ரூபாயையும் வங்கி வழியாகவே அனுப்பினார். விற்றவருக்குக் கொடுத்த அந்த 1,80,000 வரியை, சட்டம் சொல்லும் முறைப்படி, 2023 ஜனவரியில் போட்ட ரிட்டர்னில் ஐ.டி.சி.யாக எடுத்துத் தாம் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொண்டார். கம்பி விற்று, அந்தக் கம்பியில் வீடும் எழும்பி, கிரகப்பிரவேசமும் முடிந்துவிட்டது.

அதற்கெல்லாம் பிறகு துறை, விற்றவரின் முகவரிக்குப் போய்ப் பார்த்தது. அங்கே கடை இல்லை. உடனே அவருடைய பதிவை ரத்து செய்தது. அன்றைய தேதியிலிருந்து அல்ல, பதிவு கொடுத்த முதல் நாளிலிருந்தே. தான் கொடுத்த சான்றிதழைத் தானே பிறப்பிலிருந்து இல்லாததாக்கும் இந்தத் துணிச்சல் சாதாரண மனிதருக்கு வராது. பதிவெண் கொடுத்தது துறை. அந்த எண்ணைத் துறையின் தளத்திலேயே போட்டுப் பார்த்து, ‘ஆக்டிவ்’ என்று இருந்ததை நம்பி வாங்கியது அண்ணாச்சி. ஆகவே, கடை எங்கே என்று விளக்கம் சொல்லவேண்டியவர் அண்ணாச்சி. இந்தத் தர்க்கத்தில் ஓட்டை கண்டுபிடிப்பவர்கள் வரி கட்டத் தகுதியில்லாதவர்கள்.

வந்த சம்மனில் விற்றவரின் பெயர் இல்லை. எந்த பில், எந்த மாதம் என்றும் இல்லை. 2022-23 முதல் நாளது தேதி வரையிலான கொள்முதல் பில்கள், விற்பனை பில்கள், கணக்குப் புத்தகங்கள், வங்கிக் கணக்கு அறிக்கை, ஜிஎஸ்டிஆர்-1, ஜிஎஸ்டிஆர்-3பி ஆகியவற்றோடு திங்கட்கிழமை காலை 11 மணிக்கு நேரில் வரவும் என்று இருந்தது. ரிட்டர்ன்கள் துறையின் தளத்தில் அண்ணாச்சியே மாதம் தவறாமல் ஏற்றியவை. அவற்றைத் துறை தன் வீட்டில் வைத்துவிட்டு அண்ணாச்சி வீட்டில் தேடுகிறது.

மத்திய வரி வாரியம் இதில் சற்றுக் கறாரானது. தளத்திலேயே கிடைக்கும் ஆவணங்களுக்காகச் சம்மன் அனுப்பாதீர்கள், கடிதம் எழுதினால் போதுமான இடத்தில் கடிதம் எழுதுங்கள், சூப்பிரண்டு அனுப்புவதானால் உதவி ஆணையர் அல்லது துணை ஆணையரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், காரணத்தைக் கோப்பில் எழுதுங்கள் என்று 2022 ஆகஸ்ட் 17-ஆம் தேதியே தன் அதிகாரிகளுக்கு அறிவுறுத்தல் அனுப்பியிருக்கிறது. எதைப் பற்றிய விசாரணை என்பதைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும், பொத்தாம்பொதுவாக எழுதக் கூடாது என்று 2024 மார்ச் 30-ஆம் தேதி இன்னொன்றும் அனுப்பியது. மேலிடத்து அறிவுரையை இப்படிப் படித்தும் படிக்காதவர் போல நடந்துகொள்வது கற்றவர்க்கே உரிய அடக்கம் அல்லவா?

2022 அறிவுறுத்தலில் இன்னொரு கனிவும் உண்டு. கம்பெனிகளின் மேலாண்மை இயக்குநர், தலைமை நிதி அதிகாரி போன்றவர்களை எடுத்த எடுப்பிலேயே அழைக்கக் கூடாதாம். அண்ணாச்சியின் கடையில் மேலாண்மை இயக்குநர், தலைமை நிதி அதிகாரி, கல்லாவில் உட்காருபவர், ஆள் வராத அன்றைக்கு லோடு இறக்குபவர் எல்லாரும் அண்ணாச்சியே. அதனால் இந்தச் சலுகை யாருக்குப் பொருந்தும் என்று தெரியாமல் அவரையே அழைத்துவிட்டார்கள்.

சம்மனைக் கண்டதும் அண்ணாச்சிக்கு முதலில் வந்தது பயம், அடுத்து வந்தவர் ஆடிட்டர். ஆடிட்டர் அதை வாங்கி, மேலே அச்சாகியிருந்த டின் எண்ணைத்தான் முதலில் பார்த்தார். மத்திய ஜி.எஸ்.டி. அலுவலகம் அனுப்பும் கடிதம், சம்மன் எதிலும் கணினி தரும் இந்த ஆவண எண் இருக்க வேண்டும் என்று 2019 நவம்பரிலிருந்து விதி இருக்கிறது. esanchar.cbic.gov.in/DIN/DINSearch என்ற பக்கத்தில் அந்த எண்ணைப் போட்டால், எந்த அலுவலகம் என்றைக்கு எடுத்த எண் என்று காட்டும். ஒன்றும் வரவில்லை என்றால், அனுப்பியவர் துறையைச் சேர்ந்தவரா, துறையின் செல்வாக்கைக் கண்டு ஆசைப்பட்டுத் தானும் முத்திரை செய்துகொண்டவரா என்று யோசிக்கலாம். துறையின் பெயரில் போலிச் சம்மன்கள் உலவுவதாகத் துறையே எச்சரித்திருக்கிறது. போலி நோட்டு அடிப்பவன் செல்லுபடியாகும் நோட்டைப் பார்த்துத்தான் அடிப்பான். துறையின் மதிப்பு அவ்வளவு உயர்ந்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் சம்மனுக்கும் இதே சோதனைதான். சட்டத்தின் பிரிவு 169 நோட்டீசைச் சேர்க்கும் வழிகளாக நேரில் தருவது, தபால், கூரியர், மின்னஞ்சல், ஜி.எஸ்.டி. தளம் என்று பட்டியல் போடுகிறது. வாட்ஸ்அப் அதில் இல்லை.

அண்ணாச்சிக்கு வந்தது அசல்.

“போகாம இருந்தா என்ன தம்பி?” என்று கேட்டார் அண்ணாச்சி.

“25,000 ரூபாய் வரைக்கும் அபராதம் போடலாம் அண்ணாச்சி. அதுக்கு மேலேயும் போகாம இருந்தா வழக்குப் போடுறதுக்கும் வழி இருக்கு. அன்னைக்கு முடியலைன்னா முன்னாடியே காரணம் எழுதி, வேற தேதி கேட்டு மெயில் அனுப்பிரலாம். சும்மா மட்டும் இருந்துரக் கூடாது.”

“அப்போ நீங்க போயிட்டு வாங்க. கணக்கு எழுதுறது நீங்கதானே.”

இந்த இடத்தில் சட்டத்தின் பாசம் வெளிப்படுகிறது. மற்ற காரியங்களுக்கு ஆடிட்டரையோ வக்கீலையோ அனுப்பலாம் என்று சொல்லும் பிரிவு 116, சத்தியப் பிரமாணம் செய்து நேரில் சொல்லவேண்டிய வாக்குமூலத்துக்கு மட்டும் அதை அனுமதிப்பதில்லை. 2024 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 70(1ஏ) உட்பிரிவு, நேரில் வருவதா பிரதிநிதி வழியாக வருவதா என்பதை அதிகாரி சொல்கிறபடி என்று வைத்திருக்கிறது. அதிகாரி அண்ணாச்சியைத்தான் பார்க்க விரும்பினார். வக்கீலை உடன் அழைத்துப் போக உரிமை உண்டா என்றால், விசாரணை அறைக்குள் வக்கீலைக் கேட்பது உரிமை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1992-இலேயே பூல்பாண்டி வழக்கில் சொல்லிவிட்டது. பிந்தைய வழக்குகள் சிலவற்றில், வக்கீல் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், காது கேட்காத தூரத்தில் உட்காரலாம் என்று அனுமதித்திருக்கிறார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து, உள்ளே உதடு அசைவதைப் பார்த்துக் கட்டணம் வாங்கும் வாய்ப்பு வேறு எந்தத் தொழிலில் உண்டு? ஆனால் அந்த அனுமதியையும் நீதிமன்றத்துக்குப் போய்த்தான் வாங்க வேண்டும். அண்ணாச்சியின் ஆடிட்டர் வெளியே இருக்கும் பெஞ்சோடு நிறுத்திக்கொண்டார்.

என்ன எடுத்துப் போவது என்ற கேள்வியில் அண்ணாச்சியின் முதல் பட்டியல் இது: குலதெய்வத்துத் திருநீறு, வட்டாரச் செயலாளரின் சிபாரிசுக் கடிதம், நெய் அல்வா இரண்டு கிலோ. திருநீற்றுக்கு மட்டும் ஆடிட்டர் சம்மதித்தார். ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, கொடுப்பவருக்கும் ஏழாண்டு வரை சிறை உண்டு. அல்வாவுக்கு அது அதிகம்.

ஆடிட்டரின் பட்டியல் வேறு. சம்மன் எல்லாவற்றையும் கேட்டிருந்தாலும், அண்மையில் பதிவு ரத்தான விற்பனையாளர்களில் அண்ணாச்சிக்குச் சம்பந்தப்பட்டவர் யார் என்று தளத்தில் தேடி, அந்தக் கம்பிக்காரர்தான் என்று ஊகித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவருக்கு வழிகாட்டியது 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஈகாம் கில் காபி நிறுவன வழக்கில் சொன்ன தீர்ப்பு. அது கர்நாடகத்தின் பழைய வாட் சட்டத்தைப் பற்றியது என்றாலும் ஜி.எஸ்.டி. அலுவலகங்களில் இன்று அதுதான் வேதவாக்கு. பில் இருக்கிறது, வங்கியில் பணம் கொடுத்திருக்கிறேன் என்பது போதாது. சரக்கு உண்மையில் கைக்கு வந்தது என்பதை வாங்கியவர்தான் நிரூபிக்க வேண்டும் என்பது அதன் சாரம். விற்றவரின் பெயர் முகவரி, வண்டி விவரம், வாடகை கொடுத்தது, சரக்கு பெற்றதற்கான ஒப்புகை, பில், பணம் செலுத்திய விவரம் ஆகியவற்றைத் தீர்ப்பு எண்ணிச் சொல்கிறது. 

பில் இருந்தது. இ-வே பில் இருந்தது, அதில் லாரி எண்ணும் இருந்தது. வங்கி அறிக்கையில் பணம் போன வரி இருந்தது. ஜிஎஸ்டிஆர்-2பி-யில் அந்த இரண்டு பில்லும் வந்து விழுந்திருந்ததைப் படியெடுத்தார்கள். அடுத்து எடைமேடைச் சீட்டு. சரக்கு உண்மையில் லாரியில் இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. வெற்று வண்டி எடை, பாரத்தோடு எடை, தேதி, நேரம், வண்டி எண் எல்லாம் அதில் இருக்கும். அண்ணாச்சி ஒழுங்கானவர். இரண்டு சீட்டையும் பில்லோடு குண்டூசி குத்தி வைத்திருந்தார். எடுத்துப் பார்த்தால் இரண்டும் வெறும் வெள்ளைத் தாள். சூட்டில் அச்சாகும் அந்தத் தாளில் மை கிடையாது. ஒன்றிரண்டு கோடையிலேயே எழுத்து மறைந்துவிடும். சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தபோது ‘நெட்’ என்ற சொல் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. கணக்குகளை ஆறு ஆண்டுகளுக்கு மேல் பத்திரப்படுத்த வேண்டும் என்று பிரிவு 36 சொல்கிறது. அதை எழுதியவர்கள் அழியாத மையில் எழுதினார்கள். அந்தச் சீட்டை வாங்கிய அன்றே ஜெராக்ஸ் போட்டு வைக்காதவர்கள் இன்றைக்கே ஒருமுறை கோப்பைத் திறந்து பார்க்கலாம்.

அதனால் வேறு வழியில் சுற்றி வந்தார்கள். எடைமேடைக்காரரிடம் போய், தேதியும் வண்டி எண்ணும் சொல்லி, கணினியில் இருந்த பதிவை மறுபடி அச்சிட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். ஒரு லோடுக்குக் கிடைத்தது. மற்றதற்குக் கணினி மாற்றியபோது பதிவு போய்விட்டிருந்தது. லாரிக்காரருக்கு வாடகையைக் கூகுள் பே-யில் கொடுத்தது வங்கி அறிக்கையில் இரண்டு முறையும் வந்திருந்தது. அதை மஞ்சள் மையால் கோடிட்டார்கள். கடைச் சரக்குப் பதிவேட்டில் அந்த இரண்டு நாளும் கம்பி வரவு எழுதியிருந்தது. அந்தக் கம்பி யார் யாருக்குப் போனது என்ற விற்பனை பில்களையும் சேர்த்தார்கள். வராத சரக்கை விற்றிருக்க முடியாது என்பது சாதாரண புத்திக்கு எட்டும் வாதம்; அதற்காகவே பில்களை முதலில் வைக்காமல் கடைசியில் வைத்தார் ஆடிட்டர்.

எல்லாவற்றுக்கும் பக்க எண் போட்டு, மேலே பட்டியலோடு ஒரு முகப்புக் கடிதம் வைத்து, முழுக்கட்டையும் இரண்டு பிரதி எடுத்தார்கள். ஒன்று அலுவலகத்துக்கு. இன்னொன்றின் முதல் தாளில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். அசல்கள் தனிப் பையில், காட்டுவதற்கு மட்டும். அசலைக் கேட்டு வாங்கினால் எழுத்தில் ரசீது கேட்க வேண்டும். இவற்றோடு ஆதார், பேன் அட்டை, நல்ல பேனா, சர்க்கரை மாத்திரை, மூக்குக் கண்ணாடி. கண்ணாடி ஏன் என்பது மாலையில் தெரியும்.

திங்கட்கிழமை பத்தே முக்காலுக்கு அண்ணாச்சி போய்விட்டார். அதிகாரி ஒரு மணி வரை வரவில்லை. சம்மன் அனுப்பியவர் குறித்த நேரத்தில் இருக்கையில் இருக்க வேண்டும், முடியாவிட்டால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று அந்த 2022 அறிவுறுத்தலில் இருக்கிறது. அந்த ஒரு வரியை அண்ணாச்சிக்கு வெளியிலிருந்து யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதில் அலுவலகம் கவனமாக இருந்தது. கைப்பேசியை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். தினமும் கடையில் நூறு பேரிடம் பேசும் மனிதருக்கு இரண்டு மணி நேர மௌனம் கிடைத்தது. இந்தக் காலத்தில் மலையடிவார ஆசிரமங்கள் இதற்குப் பணம் வாங்குகின்றன. அண்ணாச்சி செய்த புத்திசாலித்தனம், வந்த நேரத்தை வாசலில் இருந்த பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டது. வந்தவர் வரவில்லை என்று கோப்பில் ஏறாமல் இருக்க அந்த ஒரு கையெழுத்து போதும்.

விசாரணை தொடங்கியது. அதிகாரி மரியாதையானவர். தேநீர் வரவழைத்தார். வக்கீலோ காவல்துறையோ இல்லாத இந்த அறையில் நடப்பதைச் சட்டம் நீதிமன்ற நடவடிக்கைக்குச் சமமாகக் கருதுகிறது. பொய் சொன்னால் ஏழாண்டு வரை சிறை. இதை யாரும் அதட்டிச் சொல்லவில்லை. அதனால் வருபவர்கள் திண்ணைப் பேச்சு என்று நினைத்து உற்சாகமாகப் பேசிவிடுகிறார்கள். “இந்த ஏரியாவுல பில் மட்டும் விக்கிற ஆளுங்க இருக்காங்கதான் சார், எல்லாரும் பண்றதுதான்” என்று ஒருவர் பொது அறிவைக் காட்ட, அது அவருடைய வாக்குமூலத்தில் ஐந்தாம் பதிலாகப் பதிந்துவிட்டதாக ஆடிட்டர் முன்பே கதை சொல்லியிருந்தார். ஆகவே அண்ணாச்சிக்கு அவர் கொடுத்த பாடம் சிறியது. கேட்டதற்குப் பதில், அதோடு நிறுத்தம். நினைவில்லை என்றால், “நினைவில்லை, ஏட்டைப் பார்த்துச் சொல்கிறேன்.” ஊகம் வேண்டாம், கோபம் வேண்டாம், கும்பிடும் வேண்டாம். தெரிந்ததைத் தெரியாது என்றும் சொல்ல வேண்டாம். அந்த லாரிக்காரரையும் அடுத்த வாரம் இதே நாற்காலியில் உட்கார வைப்பார்கள்.

கேள்விகள் ஆறேழுதான். விற்றவரை எப்படித் தெரியும்? தரகர் வழியாக. நேரில் கடையைப் பார்த்தீர்களா? இல்லை, லோடு நேராகக் கடைக்கு வந்தது. எடை எங்கே போட்டீர்கள்? பெயர் சொன்னார். வாடகை யார் கொடுத்தது? தாம் கொடுத்தது, பக்கம் 14. அதிகாரி கேட்டுக்கொண்டே கணினியில் ஆங்கிலத்தில் தட்டிக்கொண்டிருந்தார். ஆறு மணிக்கு நான்கு தாள் அச்சாகி வந்தது. “படிச்சுப் பாத்து ஒவ்வொரு பக்கத்துலயும் கையெழுத்துப் போடுங்க.”

பத்தாம் வகுப்போடு கம்பி வியாபாரத்துக்கு வந்த அண்ணாச்சியின் சார்பாக இவ்வளவு சீரான ஆங்கிலத்தில் பதில் சொன்ன திறமையைப் பாராட்டாமல் இருக்க முடியாது. “நேரில் கடையைப் பார்க்கவில்லை, லோடு நேராக வந்தது” என்று அவர் சொன்னது, “விற்றவர் உண்மையானவரா என்று நான் சரிபார்க்கவில்லை, என் தவறை ஒப்புக்கொள்கிறேன்” என்ற இலக்கிய நயத்தோடு தாளில் இருந்தது. லாரி வாடகையும் பக்கம் 14-உம் சுருக்கம் கருதி விடப்பட்டிருந்தன. கண்ணாடி இல்லாமல் வந்திருந்தால் அண்ணாச்சி இத்தனை நயத்தையும் ரசிக்காமலேயே கையெழுத்துப் போட்டிருப்பார்.

“சார், எனக்கு இங்கிலீஷ் அரைகுறை. தமிழ்ல வாசிச்சுச் சொல்லுங்க” என்றார்.

வாசித்தார்கள். மூன்றாம் பதில் வந்தபோது, “தப்புன்னு நான் சொல்லலியே சார். பதிவு நம்பரைத் தளத்துல போட்டுப் பாத்தேன், ஆக்டிவ்னு இருந்துச்சுன்னு சொன்னேன்” என்றார் அண்ணாச்சி. வாக்குவாதம் செய்யவில்லை. அதே வரியைத் திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசியில் அந்த வாக்கியத்தை அடித்து, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் அண்ணாச்சி சிறு கையெழுத்து இட்டார். வாடகைப் பணம் குறித்த வரியையும் சேர்க்க வைத்தார். கடைசிப் பக்கத்தில், “எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டது, இரண்டு திருத்தங்கள் செய்யப்பட்டன” என்று தம் கையாலேயே தமிழில் எழுதி, தேதியோடு மணியும் போட்டார். இது ஒரு மணி நேர வேலை. பின்னால் வாக்குமூலத்தை மாற்றிச் சொல்ல நினைத்தால், அது எவ்வளவு சீக்கிரம் எழுத்தில் போகிறதோ அவ்வளவு மதிப்பு. மாதக்கணக்கில் பேசாமல் இருந்துவிட்டு நோட்டீஸ் வந்த பிறகு மிரட்டி வாங்கினார்கள் என்றால் நீதிமன்றங்கள் எளிதில் நம்புவதில்லை.

ஏழு மணிக்கு மேல் அந்தக் கட்டிடத்தில் கொடை மனம் பிறக்கும் நேரம். வந்தவர்கள் யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், தம் விருப்பத்தின் பேரில், டிஆர்சி-03 படிவத்தில் வரி கட்டுவதாகச் சொல்வார்கள். கைப்பேசி இன்னும் வாசலில்தான் இருக்கும். அதிகாரி ஒரு சிறு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். ஐ.டி.சி. 1,80,000. ஆண்டுக்கு 18 சதவீத வட்டி, இரண்டரை ஆண்டுக்கு 81,000. பதினைந்து சதவீத அபராதம் 27,000. மொத்தம் 2,88,000. “இன்னைக்கே கட்டிட்டா இதோட முடிஞ்சிரும் அண்ணாச்சி. நோட்டீஸ் வந்தா நூறு சதவீதம் வரைக்கும் போகும்.”

தாளில் இருந்த கணக்கு சரி. தாளில் இல்லாதது ஒன்று உண்டு. அந்தப் பதினைந்து சதவீதம் பிரிவு 74(5)-ஐச் சேர்ந்தது. மோசடி, வேண்டுமென்றே பொய்த் தகவல், உண்மையை மறைத்தல் ஆகியவற்றுக்கான பிரிவு அது. படிவத்தில் அந்தப் பிரிவுக்கான பெட்டியில் டிக் செய்து பணம் கட்டினால், நான் மோசடி செய்தேன் என்பதற்கு ரசீதும் தாமே வெட்டிக்கொண்டதாக ஆகும். மோசடி இல்லாத தவறுக்குப் பிரிவு 73 இருக்கிறது. அதில் நோட்டீசுக்கு முன்பே வரியும் வட்டியும் கட்டினால் அபராதமே கிடையாது. 2022-23 கணக்குக்கு இந்த இரண்டு பிரிவுகளும் பொருந்தும். 2024-25 முதல் உள்ள ஆண்டுகளுக்கு 74ஏ என்ற புதுப்பிரிவு வந்துவிட்டது. 27,000 ரூபாயைவிட அந்தப் பெட்டியின் விலை அதிகம். கட்டுவதா வேண்டாமா, கட்டினால் எந்தப் பிரிவில், எதிர்ப்பைப் பதிவு செய்துகொண்டா என்பதெல்லாம் ஆடிட்டரோடு பகலில் உட்கார்ந்து பேசவேண்டிய விஷயம்.

சோதனையின்போதோ விசாரணையின்போதோ வரியை வசூலித்தே ஆகவேண்டிய சூழ்நிலை எதுவும் கிடையாது, வியாபாரி தாமாகக் கட்டினால் கட்டலாம், கட்டாயப்படுத்தியதாகப் புகார் வந்தால் விசாரித்து நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2022 மே 25-ஆம் தேதி வாரியம் அறிவுறுத்தியிருக்கிறது. அதற்கும் முன்பே, 2021-இல், குஜராத் உயர் நீதிமன்றம் சோதனைகளைப் பற்றி ஓர் இடைக்கால உத்தரவு போட்டது: வியாபாரியே விரும்பிக் கட்ட முன்வந்தாலும், அதிகாரிகள் இடத்தை விட்டுப் போன பிறகு, மறுநாள் கட்டச் சொல்லுங்கள் என்று. கொடை மனம் ஒருநாள் இரவைத் தாண்டினால் நிலைக்காது என்பதை அந்த நீதிபதிகள் அறிந்திருந்தார்கள்.

அண்ணாச்சி சொன்னது இவ்வளவுதான்: “ஆடிட்டரைக் கலந்துகிட்டு எழுத்துல பதில் தாரேன் சார்.” அதிகாரியின் முகம் வாடியது. அரசாங்கத்தின் கஜானாவுக்காக இப்படி மனம் வருந்தும் ஊழியர்களை வைத்திருக்கும் நாடு அதிர்ஷ்டம் செய்தது. எட்டேகாலுக்கு முகப்புக் கடிதத்தின் இரண்டாம் பிரதியில் முத்திரை வாங்கிக்கொண்டு, கைப்பேசியையும் வாங்கிக்கொண்டு அண்ணாச்சி வெளியே வந்தார். மறுநாளே ஆடிட்டர் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார்: இன்ன தேதியில் இத்தனை மணிக்கு வந்தோம், இத்தனை மணி வரை இருந்தோம், பட்டியலிட்ட 62 பக்கங்களைக் கொடுத்தோம், வாக்குமூலத்தின் நகல் வேண்டும், இரண்டாம் லோடின் எடைச் சீட்டு கிடைத்தால் அனுப்புகிறோம். நகல் உடனே வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அந்த வாக்குமூலத்தை வைத்து நோட்டீஸ் அனுப்பினால் அப்போது கொடுத்தாக வேண்டும். கேட்டது கோப்பில் இருக்கட்டும் என்பது அவர் கணக்கு.

ஒன்றரை மாதம் கழித்து இன்னொரு சம்மன் வந்தது. அதிகாரி மாறியிருந்தார். புதியவர் முந்தையவரைவிட அடக்கமானவர். கோப்பைத் திறந்து பார்க்கும் அகந்தைகூட அவருக்கு இல்லை. 2022-23 முதல் நாளது தேதி வரையிலான கொள்முதல் பில்கள், விற்பனை பில்கள், வங்கி அறிக்கை, ஜிஎஸ்டிஆர்-3பி ஆகியவற்றோடு நேரில் வரும்படி கேட்டிருந்தார். ஆடிட்டர் டின் எண்ணைச் சரிபார்த்தார். முத்திரை விழுந்த முகப்புத் தாளை ஸ்கேன் செய்து, கேட்டவை இன்ன தேதியில் இன்ன அதிகாரியிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டன, வேறு எந்தக் குறிப்பிட்ட ஆவணம் தேவை என்று தெரிவித்தால் தருகிறோம் என்று ஒரு பக்கக் கடிதத்தோடு அனுப்பிவைத்தார். அண்ணாச்சி அன்றைக்குக் கடையில் லோடு இறக்கிக்கொண்டிருந்தார். எடைச் சீட்டு வந்ததும் பையனிடம் கொடுத்து, பில்லோடு குத்துவதற்கு முன்னால் எதிர்க்கடையில் ஜெராக்ஸ் போட்டு வரச் சொன்னார்.